நீண்ட சாட்டில் விதி வழுகினால்: திரும்பச் சொல்வதா, புதிய சாட் திறப்பதா?

ஹட்டன் பக்கத்தில் டியூஷன் எடுக்கும் ஓர் ஆசிரியர், சாதாரண தர விஞ்ஞானத்தின் முதலாம் பத்திரம் போல 40 பல்தேர்வு வினாக்களைச் சாட்பொட்டில் தயாரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அலகு ஒளித்தொகுப்பு. ஒரு சுற்றுக்கு 5 வினா. முதல் செய்தியிலேயே விதி சொல்லியாயிற்று: இலங்கைப் பாடநூல் சொற்கள், வினாவுக்கு 4 விடை, சரியான விடைகள் கடைசியில் மொத்தமாக. நாலு சுற்று ஒழுங்காக வரும். ஐந்தாவதில் ஓரிடத்தில் ‘ஒளிச்சேர்க்கை’ எட்டிப்பார்க்கும். ஆறாவதில் ‘ஆக்சிஜன்’, ‘கார்பன் டை ஆக்சைடு’ என்று தமிழ்நாட்டுச் சொற்கள் வரிசையாக வந்துவிடும். ஒட்சிசன், காபனீரொட்சைட்டு என்று படித்த பிள்ளைக்கு அது வேறு பாடம்.

பொட் மறந்துவிட்டது என்று சொல்வது முழுச்சரியல்ல. நீங்கள் ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் சாட் மேலிருந்து கீழ்வரை மொடலுக்குத் திரும்பப் போகிறது. விதி மூன்றே வரி. அதன் கீழே பல பக்க வினாக்கள். அண்மையில் வந்ததற்குத்தான் இழுவை அதிகம். இணையத் தமிழில் தமிழ்நாட்டுச் சொற்களே மிகுதி என்பதால் மொடல் இயல்பாகச் சாய்வதும் அந்தப் பக்கமே. ஒருமுறை ‘ஒளிச்சேர்க்கை’ விழுந்ததும் அதுவே அடுத்த சுற்றுக்கு மாதிரி ஆகிவிடுகிறது. சாட் மிக நீண்டால் சில செயலிகள் பழைய செய்திகளை வெட்டிவிடும் அல்லது சுருக்கிவிடும். தமிழில் இது சீக்கிரமே நேரும். சாட்டின் நீளத்தை மொடல் அளப்பது டோக்கன் எனும் சிறு எழுத்துத் துண்டுகளில்; அதே விஷயத்தை ஆங்கிலத்தில் எழுதுவதைவிடத் தமிழுக்குப் பெரும்பாலும் கூடுதல் டோக்கன் செலவாகிறது.

எது நடந்தது என்று பார்க்க, “முதல் செய்தியில் தந்த விதிகளை அப்படியே எழுது” என்று கேளுங்கள். வெட்டுப்பட்டிருந்தாலும் கீழே உள்ள வினாக்களைப் பார்த்து ஊகித்துச் சொல்லிவிடும். அதனால் வினாக்களில் தெரியாத ஒரு வரியை முதலிலேயே விதியோடு சேர்த்துவிடுவது நல்லது: ‘இந்தத் தொகுதியின் பெயர் கார்த்திகை-2’ என்பது போல. பெயர் வந்தால் விதி இன்னும் உள்ளே இருக்கிறது, பலம்தான் குறைந்திருக்கிறது. வராவிட்டால் விதி போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

அதே சாட்டில் திரும்பச் சொல்வது லேசு. “ஏன் விதியை மீறினாய்?” என்று ஏசுவதில் பயனில்லை, மன்னிப்புக் கேட்டு ஒரு பந்தி எழுதும், அதுவும் சாட்டை நீட்டும். ‘ஆக்சிஜன் போடாதே’ என்று மட்டும் சொன்னாலும் அந்தச் சொல் மறுபடி கண்முன் வந்து நிற்கும். போட வேண்டிய சொல்லைச் சொல்லுங்கள், அதையும் கேள்வியின் கடைசியில் வையுங்கள்:

```
வினா 26–30 தா.
சொற்கள்: ஒளித்தொகுப்பு, ஒட்சிசன்,
காபனீரொட்சைட்டு, மாப்பொருள்.
விடைகள் கடைசியில் மட்டும்.
```

இது ஓரிரு சுற்றுக்குப் பிடிக்கும். பிறகு வழுகும், மேலே உள்ள கெட்ட வினாக்கள் இன்னும் அங்கேயே கிடக்கின்றனவே. எத்தனை சுற்றில் என்பது மொடலுக்கு மொடல் மாறும்.

என் சாய்வு புதிய சாட் பக்கம். காரணம் ஒன்றே ஒன்று: பிழை மாதிரிகள் அதில் இல்லை. பழைய சாட்டில் எத்தனை தடவை விதி சொன்னாலும், அந்த விதி தன் எதிர்ச்சாட்சிகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. புதியதில் அந்தச் சண்டையே கிடையாது.

கொண்டுபோக வேண்டியவை நாலு: சொற்பட்டியலோடு முழு விதி; மாதிரியாக, நீங்களே கையால் திருத்திய ஒரு வினா; ஏற்கெனவே கேட்ட விடயங்கள், ஒன்றுக்கு ஒரு வரியாக (இலையில் அயடீன் சோதனை, வாயு வெளியேறல், ஒளிச்செறிவு...); அடுத்த வினா எண். மூன்றாவதை விட்டால் அதே அயடீன் வினா வேறு வேஷத்தில் திரும்பி வரும். பழைய சாட்டை முழுதாக ஒட்டினால் நோயும் கூடவே வந்துவிடும். பொட்டையே சுருக்கம் எழுதச் சொல்லலாம், ஆனால் அதைப் பார்க்காமல் ஒட்டாதீர்கள். ‘பாடநூல் சொற்கள் பயன்படுத்தவும்’ என்று ஒரே வரியில் முடித்து, சொற்பட்டியலை விழுங்கிவிடுவது வழக்கம்.

முந்தைய செய்தியைத் திருத்தி மறுபடி அனுப்பும் வசதி உங்கள் செயலியில் இருந்தால், அது இடைவழி. பிழை முதலில் வந்த சுற்றுக்கு, இங்கே ஐந்தாவதுக்கு, போய் அந்தச் செய்தியில் சொற்பட்டியலைச் சேர்த்து அனுப்பினால், அதற்குக் கீழே உள்ளவை கணக்கிலிருந்து விலகிவிடும். உடனே கண்டுபிடித்தால் இதுவே மலிவு. ஆறாம் சுற்றில் நல்ல வினா கிடைத்திருந்தால் முதலில் நகலெடுத்து வையுங்கள்.

செயலியின் நிரந்தர அறிவுறுத்தல் பெட்டியில் விதியைப் போடுவதும் உண்டு. ஒவ்வொரு புதிய சாட்டுக்கும் தட்டச்சு மிச்சம். ஆனால் நீண்ட சாட்டில் அந்த விதியும் இதேபோல் மங்கும்; அடுத்த நாள் அதிபருக்குக் கடிதம் எழுதும்போது 4 விடையோடு வந்து நின்றாலும் ஆச்சரியமில்லை.

40 வினாவுக்கு, 20-இல் ஒருமுறை சாட் மாற்றுவது போதும். ஒவ்வொரு சுற்றையும் ஆவணத்தில் ஒட்டியதும் ‘ஆக்சி’, ‘கார்ப’, ‘சேர்க்கை’ என்று தேடிப் பாருங்கள். ஒன்று அகப்பட்டாலும் இருபதுக்குக் காத்திருக்காமல் அங்கேயே மாற்றிவிடுங்கள்.