பார்சல் துண்டில் வரும் கியூஆர்: கார்ட் நம்பர் போடுமுன் பாருங்கள்

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கடை மேசையில் ஒட்டியிருக்கும் கியூஆரும், கேற்றில் செருகிவிட்டுப் போகும் துண்டில் இருக்கும் கியூஆரும் கண்ணுக்கு ஒரே மாதிரித்தான் இருக்கும். உள்ளே இருப்பது வேறு. அந்த வித்தியாசம் தெரியாததால்தான் காசு போகிறது.

கடையில் இருக்கும் லங்காகியூஆர் ஒரு இணைய முகவரி அல்ல. சாதாரண கெமராவில் காட்டினால் `000201` என்று தொடங்கும் நீண்ட எழுத்து வரிசை வரும், அல்லது ஒன்றுமே வராது. அந்த வரிசைக்குள் ரூபாவுக்கான `5303144`, இலங்கைக்கான `5802LK`, கடையின் பெயர் எல்லாம் இருக்கும். வங்கிச் செயலி போன்ற காசு கட்டும் செயலிகள் மட்டும்தான் அதைப் படித்துக் காசு அனுப்பும். அதனால் காசு கட்டச் சொல்லும் கியூஆர் ஒன்று இணையப் பக்கத்தைத் திறந்து கார்ட் நம்பர் கேட்டால், அது லங்காகியூஆர் இல்லை. யாரோ ஒருவருடைய பக்கம். யாருடையது என்று பார்க்காமல் எதையும் எழுதக்கூடாது.

ஏமாற்று நடக்கிற விதம் இதுதான். "உங்கள் பார்சல் முகவரி சரியில்லாமல் நிற்கிறது, 95 ரூபா கட்டவும்" என்று துண்டில் இருக்கும். ஸ்கான் செய்தால் தபால் திணைக்களத்தின் சின்னத்தோடு பக்கம் திறக்கும். தொகை சின்னது என்பதால் யாரும் யோசிப்பதில்லை. அதற்காகவே சின்னதாக வைக்கிறார்கள். பெயர், விலாசம், கார்ட் நம்பர், பின்பக்கத்து மூன்று இலக்கம் எல்லாம் கொடுத்ததும் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும். அந்த நேரத்தில் மற்றப் பக்கத்தில் இருப்பவர் அதே விபரத்தை வேறொரு இணையக் கடையில் போட்டு, 84,000 ரூபாவுக்குப் பொருள் எடுக்க முயல்கிறார். அதற்கான ஓடிபி உங்கள் போனுக்கு வரும். பக்கம் ஓடிபி கேட்கும். நீங்கள் போடுகிறீர்கள். முடிந்தது.

இதில் கடைசித் தடுப்பு அந்த ஓடிபி எஸ்எம்எஸ்தான். பெரும்பாலான வங்கிகள் அதில் தொகையையும் யாருக்குப் போகிறது என்பதையும் எழுதுகின்றன. நாம் ஆறு இலக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மேலே போய்விடுகிறோம். 95 ரூபா என்று சொன்ன இடத்தில் வேறு தொகையோ, டொலரோ, தெரியாத பெயரோ இருந்தால் இலக்கத்தைப் போடாதீர்கள். "உங்கள் கார்டை வேறொரு கருவியில் சேர்க்க" என்று இருந்தால் அது இன்னும் மோசம். பிறகு ஓடிபி இல்லாமலே அவர்கள் செலவழிப்பார்கள்.

அதற்கு முந்திய தடுப்பு, இணைய முகவரி. ஸ்கான் செய்ததும் வரும் இணைப்பை உடனே தட்டாமல் அழுத்திப் பிடித்து நகல் எடுத்து, குறிப்பு எழுதும் இடத்தில் ஒட்டுங்கள். `https://`க்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டைத் தேடி, அதிலிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். தபால் திணைக்களத்தின் தளம் `slpost.gov.lk`. போலி இப்படி வரும் (இதன் கடைசிச் சொல்லை வேண்டுமென்றே மாற்றியிருக்கிறோம்):

```
https://slpost.gov.lk.track-parcel.example/pay
```

முன்னால் `slpost.gov.lk` இருக்கிறதே என்று நம்பிவிடுவோம். ஆனால் சொந்தக்காரரைச் சொல்வது சாய்கோட்டுக்கு முன்னால் நிற்கும் `track-parcel.example` தான். அதற்கு முன்னால் எதை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். பூட்டுச் சின்னமும் சாட்சி அல்ல. போலித் தளத்துக்கும் அது இலவசமாகக் கிடைக்கும். சுருக்கிய இணைப்பு என்றால் போகும் இடமே தெரியாது, விட்டுவிடுங்கள். செயலியை நிறுவும் `.apk` கோப்பு இறங்கினால் நிறுவாமல் அழித்துவிடுங்கள்.

பார்சல் உண்மையிலேயே வரவேண்டியிருந்தால், அனுப்பியவர் தந்த இலக்கத்தை வைத்துப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து தபாலில் வரும் பதிவுப் பொதிகளுக்கு இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், இரண்டு எழுத்து என 13 இருக்கும். தபால் தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து தேடுங்கள், அல்லது துண்டோடு தபாலகத்துக்குப் போய்க் கேளுங்கள்.

கடைக் கியூஆரில் ஒன்று மட்டும்: அசல் மேல் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் நகத்துக்குத் தட்டுப்படும். தொகை போடுமுன் செயலி காட்டும் பெயரைக் காசாளரிடம் வாசித்துக் காட்டுங்கள். பலகைப் பெயருக்குப் பதில் முதலாளியின் பெயர் வருவதும் உண்டு, அதைச் சொல்லக்கூடியவர் அவர்தான்.

விபரம் கொடுத்தாகிவிட்டதா? முதலில் வங்கிச் செயலியில் கார்டைப் பூட்டுங்கள், அல்லது கார்டின் பின்பக்கத்தில் உள்ள தொலைபேசி இலக்கத்துக்கு அழைப்பு எடுங்கள். ஓடிபி கொடுக்கவில்லை என்று சும்மா இருக்க வேண்டாம், ஓடிபி கேட்காமலே காசு எடுக்கும் வெளிநாட்டுக் கடைகள் இருக்கின்றன. கார்டை ரத்துச் செய்து புதியது கேளுங்கள். இணைய வங்கிக் கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தால் அதையும் உடனே மாற்றுங்கள். பிறகு இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை செர்ட்டுக்கு 101இல் சொல்லுங்கள். வங்கி முறைப்பாட்டைக் கவனிக்காவிட்டால் மத்திய வங்கியின் 1935 இருக்கிறது. எஸ்எம்எஸ், பக்கத்தின் ஸ்கிரீன்ஷொட், அந்தத் துண்டு மூன்றையும் எறியாமல் வைத்திருங்கள்; எந்த நேரத்தில் ஸ்கான் செய்தீர்கள் என்பதைத் துண்டின் பின்னால் எழுதிவிடுங்கள், வங்கி அதைக் கேட்கலாம்.