2020 மார்ச்சில் என் ஐந்து வகை முதலீடுகள்: பத்தாண்டு அனுபவம்

2016-இல் முதலீட்டைத் தொடங்கியபோது பணத்தை பெரிய நிறுவனப் பங்குகளின் லார்ஜ் கேப் ஃபண்டு, சிறு நிறுவனப் பங்குகளின் ஸ்மால் கேப் ஃபண்டு, கூடுதல் வட்டிக்காகத் தரம் குறைந்த நிறுவனக் கடன் பத்திரங்களை வாங்கும் கிரெடிட் ரிஸ்க் ஃபண்டு, தங்க ஈ.டி.எஃப்., வங்கி வைப்பு என ஐந்தாகப் பிரித்தேன். 2019 இறுதியில் எக்செல்லில் மாதாந்திர வருமானங்களை இட்டு, இரண்டு முதலீடுகள் எவ்வளவு சேர்ந்து அசைகின்றன என்று காட்டும் `CORREL` போட்டுப் பார்த்தபோது, கிரெடிட் ஃபண்டுக்கும் நிஃப்டிக்கும் இடையே ஏறக்குறைய எந்தத் தொடர்பும் தெரியவில்லை. அந்த எண்ணை நம்பியதுதான் என் தவறு. அந்த ஃபண்டில் இருந்த கடன் பத்திரங்கள் சந்தையில் அரிதாகவே கைமாறுபவை. அவற்றின் அன்றாட விலை பெரும்பாலும் மதிப்பீடுதான். விலை அசையாததால் தொடர்பும் இல்லாததுபோல் தோன்றியது. நிறுவனங்களின் நிலை மோசமானால் பங்கும் கடனும் ஒருசேர அடிவாங்கும் என்பதை அந்த எண் காட்டவே இல்லை.

2020 ஜனவரி 14 அன்று 12,362-இல் முடிந்த நிஃப்டி, மார்ச் 23 அன்று ஏறத்தாழ 13 சதவீதம் ஒரே நாளில் சரிந்து 7,610-இல் நின்றது. பங்கு ஃபண்டுகளில் இருந்த என் 6 லட்சம் அன்று மூன்றே முக்கால் லட்சத்துக்கும் கீழே போயிருந்தது. ஸ்மால் கேப் லார்ஜ் கேப்பை விட அதிகமாகவே விழுந்தது. இரண்டாகப் பிரித்ததால் ஒரு பயனும் இல்லை.

தங்கமும் விழுந்ததுதான் அப்போது என்னைத் திகைக்க வைத்தது. உலகச் சந்தையில் மார்ச் 9 வாக்கில் அவுன்ஸ் 1,680 டாலரை ஒட்டியிருந்த விலை, பத்தே நாளில் 1,470 வாக்கில் இறங்கியது. கடன் வாங்கிப் பங்கு வைத்திருந்தவர்களுக்கு, பங்கு விலை விழுந்ததால் கடனுக்கு ஈடாக மார்ஜின் பணம் கட்ட வேண்டிய நெருக்கடி; விற்க விரும்பியதை அல்ல, விற்க முடிந்ததை விற்றார்கள். அந்த நேரத்தில் எளிதில் விலைபோனவற்றில் தங்கமும் ஒன்று. நெருக்கடி தணிந்ததும் அது மீண்டு ஆகஸ்டில் 2,000 டாலரைக் கடந்தது. ஆகவே தங்கம் சில மாதங்களில் கைகொடுக்கும். அந்த இரண்டு வாரங்களில் கொடுக்காது.

ஏப்ரல் 23 அன்று ஒரு நிதி நிறுவனம் தன் ஆறு கடன் திட்டங்களை மூடியது. என் ஃபண்டு அதில் இல்லை என்றாலும், அந்த அச்சத்தில் என் ஃபண்டிலும் பலர் ஒரே நேரத்தில் பணம் கேட்டதால், விற்கத்தக்க நல்ல பத்திரங்கள் முதலில் போய், எளிதில் விலைபோகாதவை என்னைப்போல் காத்திருந்தவர்களிடம் தங்கின.

அந்த மே மாதம் சம்பளம் பாதியானபோது, வட்டியில் ஒரு சதவீதம் குறைத்துக்கொண்டு வங்கி வைப்பை உடைத்தேன். பங்குகளை அடிமாட்டு விலைக்கு விற்காமல் காத்தது அதுதான். அதை எடுக்க எதிரே வாங்குபவர் யாரும் தேவைப்படவில்லை. ஃபண்டுகளின் பெயர்களைவிட இதுதான் முக்கியமான வேறுபாடு.

பிறகு கிரெடிட் ஃபண்டை விட்டு, ஓராண்டுச் செலவை வைப்பிலும், மிகக் குறுகிய காலக் கடன் பத்திரங்களில் இடும் லிக்விட் ஃபண்டிலும் வைத்தேன். நீண்டகால அரசுப் பத்திரத்தை அதற்கு மாற்றாகக் கருதவில்லை: 2022-இல் அமெரிக்காவில் வட்டி வேகமாக உயர்ந்தபோது பங்கும் பத்திரமும் சேர்ந்தே விழுந்தன. வைப்பின் வட்டி, வரி போக, பல ஆண்டுகளில் விலைவாசியைத் தாண்டவில்லை. அந்த இழப்பை நான் காப்பீட்டுத் தவணையாகவே எழுதிக்கொள்கிறேன்.