விரித்து வெட்டுவதா, f(r) தேடுவதா?

உயர்தர இணைந்த கணிதத்தில் தொடர் வினா ஒன்று வந்தால் எங்கள் பக்கப் பிள்ளைகள் இரண்டு வழியில் ஒன்றில் இறங்குவார்கள். ஒன்று, உறுப்பைப் பகுதிப் பின்னமாக உடைத்து, வரிவரியாக எழுதி, குறுக்கே கோடு போட்டு வெட்டுவது. மற்றது, உறுப்பை f(r) − f(r+1) என்று எழுதக்கூடிய ஒரு f ஐத் தேடிப் பிடிப்பது. நான் படித்த காலத்தில் முதலாவதைத்தான் செய்தேன், கல்லடியில் வகுப்பு எடுக்கத் தொடங்கியும் சில வருடம் அதையே கற்பித்தேன். இப்போது இரண்டாவதுக்கு மாறிவிட்டேன். அதனால் இந்த அலசல் நடுநிலையாக இருக்காது.

தொகுத்தறிவு முறையும் இருக்கிறதே என்பீர்கள். விடை கையில் இருந்தால் அது நல்லது. விடையைக் கண்டுபிடிக்க அது உதவாது. சரி, அதை விடுவோம்.

வெட்டுப்படுவது ஏன் என்பதில் இரண்டு வழிக்கும் வித்தியாசம் இல்லை. கல்லடியில் ஏறி காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று போய்க் கல்முனையில் இறங்குகிறீர்கள். ஒவ்வொரு ஊரிலும் மீட்டரைப் பார்த்து, இடைத்தூரங்களை எழுதிக் கூட்டினாலும், கடைசி வாசிப்பிலிருந்து முதல் வாசிப்பைக் கழித்தாலும் ஒரே தூரம்தான் வரும். நடு ஊர் ஒவ்வொன்றின் வாசிப்பும் ஒருமுறை கூட்டப்பட்டு ஒருமுறை கழிபடுகிறது. f என்பது அந்த மீட்டர்.

ஒரே கணக்கை இரண்டு வழியிலும் செய்து பார்ப்போம்.

Uᵣ = 1/(r(r+1)(r+2))

விரிக்கும் வழியில் இது 1/(2r) − 1/(r+1) + 1/(2(r+2)) ஆகும். ஒரு வரிக்கு மூன்று துண்டு. மூன்று வரி எழுதிய பிறகுதான் 1/3 என்ற துண்டு எங்கெங்கே இருக்கிறது என்று தெரியும்: முதல் வரியில் +1/6, இரண்டாம் வரியில் −1/3, மூன்றாம் வரியில் +1/6. மூன்றும் சேர்ந்து பூச்சியம். தொடக்கத்தில் 1/4 மிஞ்சும். முடிவில் 1/(n+1) உள்ள துண்டுகள் இரண்டும், 1/(n+2) உள்ளது ஒன்றும் மிஞ்சும். இவற்றைக் கூட்டிச் சுருக்கினால்

Sₙ = 1/4 − 1/(2(n+1)(n+2))

f வழியில், f(r) = 1/(r(r+1)) என்று எடுங்கள். f(r) − f(r+1) இன் தொகுதியில் (r+2) − r, அதாவது 2 வரும். ஆகவே Uᵣ = ½[f(r) − f(r+1)]. கூட்டினால் ½[f(1) − f(n+1)]. முடிந்தது. இரண்டு வரியில் அதே விடை. n முடிவிலிக்குப் போகும்போது f(n+1) பூச்சியத்துக்குப் போகிறது, எல்லை 1/4.

வேகம் மட்டும் காரணம் என்றால் நான் மாறியிருக்கமாட்டேன். என்னை மாற்றியது மிச்சக் கணக்கு: வெட்டி முடித்த பிறகு எத்தனை துண்டு உயிரோடு நிற்கிறது என்பது. போன வருடம் 1/(r(r+2)) இன் கூட்டுத்தொகையைக் கொடுத்திருந்தேன். உடைத்தால் ½(1/r − 1/(r+2)). இங்கே ஒரு வரியின் கழித்தல் துண்டு அடுத்த வரியோடு வெட்டுப்படாது, அதற்கடுத்த வரியோடுதான் வெட்டுப்படும். ஆகவே முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு மிஞ்ச வேண்டும். ஒரு மாணவி பழக்கத்தில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வைத்து ½(1 − 1/(n+2)) என்று எழுதி, எல்லை 1/2 என்று முடித்திருந்தாள்.

"n = 1 போட்டுப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"ஓம் சேர், 1/3 வருது. சரியாத்தானே இருக்கு?"

உண்மைதான், வருகிறது. முதல் உறுப்பும் 1/3தான். பிழையான விடை n = 1 இல் சரியான விடையோடு பொருந்திப்போகிறது, ஏனென்றால் சரியான விடையில் கூடுதலாக உள்ள 1/2 உம் −1/(n+1) உம் அங்கே ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. n = 2 இல்தான் குட்டு உடையும்: 1/3 + 1/8 = 11/24, அவளுடைய சூத்திரமோ 9/24 தருகிறது. இன்னொரு அடையாளமும் உண்டு. முதல் மூன்று உறுப்புகளைக் கூட்டினாலே 0.525 வந்துவிடுகிறது. எல்லா உறுப்பும் நேரானவை, பிறகு எப்படி எல்லை 0.5 ஆகும்? சரியான எல்லை 3/4.

f வழியில் இந்தக் குழி இல்லை. f(r) = ½(1/r + 1/(r+1)) என்று எடுத்தால் f(r) − f(r+1) இல் நடுத் துண்டு அங்கேயே போய், கேட்ட உறுப்பு கிடைக்கிறது. பிறகு எப்போதும்போல f(1) − f(n+1)தான். முன் மிச்சம் இரண்டும் f(1) க்குள், பின் மிச்சம் இரண்டும் f(n+1) க்குள். எண்ணத் தேவையில்லை. இடைவெளி மூன்றாகி 1/(r(r+3)) வந்தாலும் ⅓(1/r + 1/(r+1) + 1/(r+2)) என்று ஒரு துண்டைச் சேர்த்துக்கொண்டால் போதும், எல்லை 11/18.

ஆனால் f வழிக்கும் ஒரு நோய் உண்டு. f(n+1) பூச்சியத்துக்குப் போகும் என்று பிள்ளைகள் பார்க்காமலே எழுதிவிடுவார்கள். 1/(r(r+1)) க்கு f(r) = 1/r எடுப்பது வழமை. ஒருவர் (r+1)/r எடுத்தாலும் வித்தியாசம் அதேதான், ஏனென்றால் அது 1 + 1/r. இப்போது f(1) = 2. கடைசித் துண்டைப் பூச்சியம் என்று விட்டால் விடை 2 ஆகிவிடும். அது உண்மையில் 1 க்குப் போகிறது, ஆகவே கூட்டுத்தொகை 1. இன்னும் மோசமானது 1/(√r + √(r+1)). பகுதியை விகிதமுறுவாக்கினால் √(r+1) − √r, அழகாக வெட்டுப்படுகிறது, Sₙ = √(n+1) − 1. உறுப்புகள் பூச்சியத்துக்குப் போகின்றன, தொடரோ ஒருங்காது. வெட்டுப்பட்டது என்பதற்காக எல்லை இருக்கவேண்டும் என்றில்லை, f(n+1) க்கு முடிவுள்ள எல்லை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

விரிக்கும் வழிக்கு நான் இன்னும் இடம் கொடுப்பது f கண்ணில் படாத இடத்தில். (r+3)/(r(r+1)(r+2)) ஐ உடைத்தால் மேலே 3/2, −2, 1/2 வரும். அவற்றின் கூட்டல் பூச்சியம். அது பூச்சியமாக இல்லாவிட்டால் நடுத் துண்டுகள் முழுதாக அழியாது, தொடரும் ஒருங்காது. வெட்டத் தொடங்கும் முன்பே அதைக் காட்டிவிடுவது பகுதிப் பின்னம்தான். பரீட்சையில் f இன் வடிவத்தைப் பெரும்பாலும் அவர்களே தந்து A, B ஐக் காணச் சொல்வதால் இந்தத் தேவை குறைவு.

r/(r+1)! போன்றவற்றில் பகுதிப் பின்னத்துக்கு வேலையே இல்லை, 1/r! − 1/(r+1)! என்று பார்த்தவுடன் பிடிக்கவேண்டியதுதான். tan⁻¹ வரும் கூட்டல்களில் எனக்குக் கைப்பழக்கம் குறைவு. செய்த சிலவற்றில் tan⁻¹(1/(1+r+r²)) நினைவிருக்கிறது. அது tan⁻¹(r+1) − tan⁻¹ r. அங்கே கடைசித் துண்டு π/2 க்குப் போகிறது, கூட்டுத்தொகை π/4. பூச்சியம் என்று விட்டிருந்தால் −π/4 வந்திருக்கும்.

இப்போது வகுப்பில் f வழியில்தான் செய்யச் சொல்கிறேன். எழுதி முடித்ததும் n = 2 போட்டுப் பார்க்கச் சொல்கிறேன், n = 1 ஐ ஏற்பதில்லை.