சராசரி வியூஸை வைத்து ஸ்பான்சர் ரேட் பேசாதீர்கள்: வேளச்சேரி சேனல் ஒன்று ஏமாந்த கணக்கு

மிக்ஸி, குக்கர் வாங்கி ஓட்டிப் பார்த்து நல்லது கெட்டது சொல்லும் சிறு யூடியூப் சேனல் அது. ஒரு ஏஜென்சி போனில் "உங்க ஆவரேஜ் வியூஸ் எவ்வளவு?" என்று கேட்டது. கடைசிப் பத்து வீடியோவைக் கூட்டி வகுத்து, 20,700 என்றார் சேனல்காரர். வியூவுக்கு 50 பைசா வீதம் 10,000 ரூபாய் கேட்டார். பேரமே பேசாமல் ஒத்துக்கொண்டார்கள். அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

மெயிலின் கடைசியில் ஒரு வரி இருந்தது: 30 நாளில் 20,000 வியூஸ் வராவிட்டால் அந்த விகிதத்தில் பணம் குறையும். வந்தது 9,500. கிடைத்தது 4,750 ரூபாய், அதுவும் மூன்று மாதம் இழுத்தடித்த பிறகு.

வீடியோ சொதப்பவில்லை, கணக்குதான் சொதப்பியது. அந்தப் பத்தில் ஒன்று 1,20,000 ஓடியது. மற்ற ஒன்பதும் 6,000 முதல் 14,000 வரை. ஓடிய அந்த ஒன்றுதான் சராசரியை இரட்டிப்பாக்கியது. பத்தையும் ஏறுவரிசையில் அடுக்கினால் நடுவில் நிற்பது 10,000. சேனலின் உண்மையான பலம் அதுதான். வியூஸ் எல்லார் கண்ணுக்கும் தெரிவதால் ஏஜென்சிக்கும் இது தெரியாமல் இருந்திருக்காது. நீங்கள் இந்தக் கணக்கு எடுக்கும்போது, யூடியூப் ஸ்டுடியோவில் ஒவ்வொரு வீடியோவுக்கும் முதல் 30 நாள் வியூஸை மட்டும் எடுங்கள். ஷார்ட்ஸைச் சேர்க்காதீர்கள்.

அடுத்து, பார்ப்பவர் யார் என்பது. "எந்த மிக்ஸி வாங்கலாம்" என்று தேடி வருபவர் கையில் காசோடு வருகிறார். பொழுதுபோக்கப் பார்ப்பவரின் விலையை இவருக்குப் போடக் கூடாது. இந்தச் சேனலுக்குப் பாதிக்கு மேல் தேடலில் வருபவர்கள்தான், வியூவுக்கு ஒரு ரூபாய் தாராளமாகக் கேட்டிருக்கலாம். ஆனால் ஸ்பான்சர் தி.நகரில் ஒரே கடை வைத்திருப்பவர் என்றால், மலேசியாவிலும் துபாயிலும் பார்ப்பவர்களைக் கழித்துவிட்டுப் பேசுவதே நியாயம்.

உழைப்பைச் சேனல்காரர் கணக்கிலேயே எடுக்கவில்லை. எழுத 3 மணி, ஷூட் 6, எடிட் 9, ஏஜென்சி கேட்ட இரண்டு திருத்தத்துக்கு 4. ஆக 22 மணி நேரம். மணிக்கு 300 ரூபாய் என்றாலே 6,600. மளிகை, ஆட்டோ 1,400. 8,000-க்குக் கீழே இறங்கினால் கைக்காசு போகும் வேலை. வியூஸ் கணக்கில், நடுவில் நின்ற 10,000 வியூஸுக்கு ஒரு ரூபாய் வீதம் 10,000 ரூபாய் வருகிறது. இரண்டில் எது பெரிதோ அதுதான் ரேட். அதாவது அவர் கேட்ட தொகை சரிதான், அதற்குக் கொடுத்த காரணம்தான் தப்பு. 50 பைசா கணக்குச் சொன்னதால்தான் 20,000 வியூஸ் நிபந்தனைக்கு இடம் கிடைத்தது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. அவர் வீடியோவிலிருந்து வெட்டிய துண்டை இன்ஸ்டாகிராமில் காசு கட்டி விளம்பரமாக ஓட்டினார்கள். ஒப்பந்தத்தில் தடை இல்லாததால் கேட்க முடியவில்லை. அதற்குத் தனித் தொகை கேட்க வேண்டும், மாதக் கணக்கில்.

பதில் மெயிலில் இப்படிப் போடுங்கள்: "தொகை ஒரு வீடியோவுக்கு, வியூஸ் உத்தரவாதம் இல்லை. பாதி முன்பணம், மீதி வெளியிட்ட 15 நாளில். திருத்தம் ஒருமுறை. விளம்பரமாக ஓட்டினால் தனிக் கட்டணம்."