கூலிங் பேட் வாங்கிய கையோடு இந்த அமைப்பைப் பாருங்கள்

போன மாதம் பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் 9,500 ரூபாய்க்கு ஐந்து ஃபேன் உள்ள கூலிங் பேட் வாங்கி ஏமாந்தேன். பேட் வேலை செய்யவில்லை என்பதைவிட, அது வேலை செய்வதுபோல் காட்டிய விதம்தான் எனக்கு ஆறவில்லை.

வெள்ளவத்தையில் என் அறைக்கு ஏசி இல்லை. இரவிலும் 31, 32 பாகை. என் லெப்டொப்பில் இருப்பது i5-10300H சிப். கேம் விளையாடினால் 95 பாகையைத் தொடும். அதைச் சொன்னதும் கடைக்காரத் தம்பி, "விடுங்கோ அண்ணா, நான் செட் பண்ணித் தாறன்" என்று லெப்டொப்பை உள்ளே கொண்டுபோனார். அரை மணிநேரத்தில் பேட் மேல் வைத்துக் கேமை ஓடவிட்டுக் காட்டினார்: 71 பாகை! கடையில் ஏசி ஓடுகிறது என்பதை அப்போது யோசிக்கவில்லை. வீட்டில் 78 வந்தது, அதற்கே சந்தோஷப்பட்டேன்.

ஆனால் கூட்டமான காட்சிகளில் கேம் விக்கத் தொடங்கியது. சிப்பின் வேகம், சூடு எல்லாம் காட்டும் HWiNFO மென்பொருளைத் திறந்து பார்த்தால், சிப்பின் வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸைத் தாண்டவே இல்லை. முன்பு இதே கேமில் 4க்கு மேல் போகும். சந்தேகம் வந்து விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்டில் இதை அடித்தேன்:

```
powercfg /q SCHEME_CURRENT SUB_PROCESSOR PROCTHROTTLEMAX
```

சிப் எவ்வளவு வரை ஓடலாம் என்ற உச்ச வரம்பை இது காட்டும். மின்சாரத்தில் ஓடும்போதான அளவு, அதாவது AC என்று வரும் வரி, 0x00000063 என்றிருந்தது. அது 99 சதவீதம். சாதாரணமாக 0x00000064, அதாவது 100 இருக்க வேண்டும். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் 99 வைத்தால் இதுபோன்ற சிப்களில், தேவைப்படும்போது வேகத்தைத் தானாகக் கூட்டும் டர்போ முழுதாக நின்றுவிடும். சூடு குறைந்தது அதனால்தான். வேண்டுமென்றே 99 வைத்து விளையாடுவோரும் உண்டு, அதில் பிழையில்லை. சொல்லாமல் மாற்றி, அந்தப் பெயரைப் பேடுக்குக் கொடுத்ததுதான் மோசடி.

100க்கு மாற்றி, ஒவ்வொரு தடவையும் இருபது நிமிடம் அதே இடத்தை விளையாடிப் பார்த்தேன். மேசையில் 95, பேடில் 93. பின்பக்க மூலைகளுக்கு அடியில் இரண்டு புத்தகம் வைத்தபோது 92! காரணம், என் லெப்டொப் காற்றை இழுக்கும் துளைகள் அடியில் பின்பக்கமாக இருக்கின்றன. பேடின் பெரிய ஃபேன் நடுவில் வெறும் பிளாஸ்டிக்கில் ஊதுகிறது. ஊதுவதும் அறையின் அதே 32 பாகைக் காற்றுத்தான்.

அப்புறம் லெப்டொப்பின் சொந்த ஃபேன் எத்தனை பாகையில் எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்று வைக்கும் ஃபேன் கேர்வைப் பார்த்தேன். 85 பாகை வரும்வரை ஃபேன் பாதி வேகத்திலேயே சுற்றும்படி இருந்தது. 70இலிருந்து படிப்படியாக ஏற்றி, 85இல் முழு வேகம் வரும்படி மாற்றினேன். சத்தம் கூடிவிட்டது, ஆனால் புத்தகங்களோடு சேர்த்து இப்போது 87.

பேடைத் திருப்பிக் கொண்டுபோனேன். பெட்டி உடைத்தால் காசு இல்லை, வேறு சாமான் எடுங்கள் என்றார்கள். எடுக்கவில்லை. வாங்குபவர்கள் உங்கள் லெப்டொப்பைக் கவிழ்த்துத் துளைகள் எங்கே என்று முதலில் பாருங்கள், அதை உள்ளே கொண்டுபோக விடாதீர்கள்.