ஜூமில் பாட்டு வகுப்பு: நெட் பலவீனமாக இருந்தாலும் ‘ஸா’ காணாமல் போகாமல் இருக்க

தஞ்சாவூரில் பாட்டு சொல்லித்தரும் தோழி ஒருத்தி போன வாரம் கேட்டாள்: “நானும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஜூம்ல ஆரம்பிக்கப் போறேன். நல்ல மைக் ஒண்ணு சொல்லேன்.” மைக் இப்போதைக்கு வேண்டாம் என்றேன். அவள் ஏன் என்று கேட்டதற்கான பதில் நீண்டுவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் இருப்பது கும்பகோணம் பக்கத்துக் கிராமம். பல வருஷமாக ஜூமில்தான் வெளிநாட்டு வகுப்புகள். தெருவில் குழி தோண்டினால் கேபிள் அறுந்துபோகும், அதைச் சரிசெய்ய ஆள் வரும்வரை செல்போன் ஹாட்ஸ்பாட்தான். காலை ஆறு மணிக்கு டல்லாஸ் மாணவி, அங்கே அப்போது மாலை ஏழரை. அந்த நேரத்தில் செல்போன் நெட் ஓரளவு தாங்கும். சாயங்காலம் சிங்கப்பூர் வகுப்பு நடக்கும்போது ஊரே வீடியோ பார்த்துக்கொண்டிருக்கும், அப்போது சிக்னல் கோடு முழுசாக இருந்தும் குரல் உடையும். இந்த ஏற்றத்தாழ்வு பழகிவிட்டது. எனக்கு ஆறாத எரிச்சல் வேறு.

மாயாமாளவகௌளையில் வரிசை பாடும் குழந்தை மேல் ஸட்ஜத்தில் நிற்கிறாள். தொடக்கம் தெளிவாகக் கேட்கிறது. இரண்டு மூன்று விநாடியில் குரல் தேய்ந்து மறைகிறது. அடுத்த ஸ்வரத்துக்கு நகர்ந்ததும் திரும்பி வருகிறது. “மூச்சை விடாதே, நிறுத்திப் பாடு” என்றால், பக்கத்திலிருந்து அம்மா, “டீச்சர், அவ நிறுத்திதான் பாடறா, உங்களுக்குக் கேக்கலையா?” என்கிறார். தம்பூராவோ சுத்தமாகக் கேட்பதே இல்லை. இரு பக்கமும் உடனே “நெட் சரியில்லை” என்று முடித்துவிடுகிறோம்.

நெட் மீது இந்தப் பழி தப்பு. ஆன்லைன் பேச்சுச் செயலிகள் எல்லாமே பேச்சுக்காகச் செய்தவை. ஒரே மாதிரி நீளும் ஒலி வந்தால் மின்விசிறியோ ஏசியோ என்று கருதி அடக்கிவிடும், இதுதான் இரைச்சல் நீக்கம். பேச்சில் இது வரம். நம் பாட்டில் கார்வையும் தம்பூராவும்தான் ஒரே மாதிரி நீளும் ஒலி. கமகம் அசைந்துகொண்டே இருப்பதால் தப்பித்துவிடும், அசையாமல் நிற்க வேண்டிய ஸாவும் பாவும் அடிபடும். ஸ்ருதி சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கும் இடமே அதுதான் என்பதால் எனக்கு இவ்வளவு கோபம்.

இரண்டு கோளாறையும் பிரித்தறிவது சுலபம். இரைச்சல் நீக்கத்தின் வேலையாக இருந்தால் பேச்சு தெளிவாக இருக்கும், நீண்ட ஸ்வரம் மட்டும் தேயும், எத்தனை முறை பாடச் சொன்னாலும் அதே இடத்தில் தேயும். நெட்டின் வேலையாக இருந்தால் பேச்சு, பாட்டு எதுவானாலும் உடையும், குரல் இயந்திரம் போலாகும், இடம் மாறி மாறி வரும். சந்தேகம் இருந்தால் ஜூமின் Settings பகுதியில் Statistics, அதில் Audio என்று பாருங்கள். Packet loss இரண்டு சதவீதத்துக்குள், Jitter 40 மில்லிவிநாடிக்குள் இருந்தால் லைன் பரவாயில்லை. அப்படியும் ஸா தேய்ந்தால் காரணம் அமைப்பில்தான் இருக்கிறது.

இந்த இரைச்சல் நீக்கத்தை விலக்கும் அமைப்பின் பெயர் Original sound for musicians. கணினியில் Settings போய் Audio பகுதியில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதோடு வேலை முடியாது. வகுப்புக்குள் வந்தபின் திரையின் மேல் பக்கம் அதே பெயரில் ஒரு பொத்தான் இருக்கும், அதை On ஆக்க வேண்டும். செல்போன், டேப்லெட்டிலும் உண்டு: முதலில் அமைப்புகளில் அனுமதித்துவிட்டு, வகுப்புக்குள் More என்பதில் தேட வேண்டும்.

நிறைய டீச்சர்கள் கோட்டை விடும் இடம் இனிமேல்தான். இந்த அமைப்பு அனுப்புகிற பக்கத்தில் வேலை செய்கிறது. நீங்கள் உங்கள் கணினியில் போட்டால் உங்கள் குரல்தான் மாணவிக்கு முழுசாகப் போகும். மாணவியின் ஸா உங்களுக்குக் கேட்க வேண்டுமென்றால் அவள் டேப்லெட்டில் போட வேண்டும். அதனால் புதிய மாணவி யாரானாலும் முதல் வகுப்பில் பாட்டு தொடங்குவதற்கு முன் அம்மாவையோ அப்பாவையோ கூட உட்காரவைத்து இதைச் செய்யச் சொல்கிறேன். பிறகு குழந்தையை ஒரே ஸாவில் மூச்சு முடியும்வரை நிற்கச் சொல்வேன். கடைசி வரை கேட்டால் சரி.

அதே பக்கத்தில் High-fidelity music mode என்று ஒன்று கண்ணில் படும். பலவீனமான நெட்டில் அதைத் தொடாதீர்கள். ஒலிக்கு மட்டும் விநாடிக்கு 96 கிலோபிட் கேட்கும், Stereo audio சேர்த்தால் 192. சாதாரணமாக ஒலிக்கு 60 முதல் 80 போதும். வீடியோ அதைவிடப் பல மடங்கு, 600 என்று ஆரம்பிக்கும். ஆகவே ஹாட்ஸ்பாட்டில் இருக்கும்போது நான் HD வீடியோவை எடுத்துவிடுவேன். பாடும் நேரத்தில் இரு பக்கமும் கேமராவை அணைப்போம், தாளம் போடும் கையைப் பார்க்க மட்டும் திறப்போம். என் செல்போனில் படங்கள் தானாக மேலேறும் பேக்கப்பையும் நிறுத்திவைப்பேன். நம் குரல் போவது அப்லோடு வழியில்தான், அங்கே நெரிசல் ஏற்பட்டால் குரல்தான் பிந்தும்.

Echo cancellation பெட்டியில் டிக் இருக்கட்டும். அதை எடுப்பதானால் இரு பக்கமும் ஹெட்போன் கட்டாயம், இல்லையென்றால் உங்கள் குரலே உங்களுக்குத் திரும்பி வரும். ஹெட்போன் வயர் வைத்ததாக இருக்க வேண்டும். ப்ளூடூத்தில் மைக்கும் சேர்ந்து ஓடும்போது பெரும்பாலான கருவிகள் போன் பேச்சின் தரத்துக்கு இறங்கிவிடும். தோழியிடம் மைக் வேண்டாம் என்றதும் இதனால்தான்: போனோடு வரும் வயர் இயர்போன் போதும், அமைப்பு தப்பாக இருந்தால் விலையுயர்ந்த மைக்கின் ஸாவும் தேயும்.

தம்பூராவை இங்கிருந்து அனுப்புவதில்லை. ஸ்ருதி ஐந்து கட்டை என்று முடிவானால் மாணவி வீட்டில் ஒன்று, என் வீட்டில் ஒன்று. ஒலி போய்வரும் தாமதத்தால் சேர்ந்து பாடவும் முடியாது, நான் பாடி நிறுத்த, அவள் திருப்பிப் பாடுவாள்.

இந்த அமைப்பு வந்தபின் டல்லாஸ் பெண்ணின் பஞ்சமம் கொஞ்சம் கீழே நிற்கிறது என்று முதல்முறையாகக் கேட்டேன். முன்னெல்லாம் அது கேட்கவே வழியில்லை. மூன்றே வகுப்பில் மேலே ஏற்றினோம். ஒரு டிக் பெட்டிக்கு இவ்வளவு நன்றியோடு இருப்பேன் என்று நினைத்ததில்லை.

காலப்பிரமாணம் மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. நெட் தடுமாறும்போது செயலி ஒலியைச் சற்று இழுத்தும் சுருக்கியும் ஈடுகட்டுகிறது. அதனால் அவள் ஓடுகிறாளா, லைன் ஓடுகிறதா என்று எனக்குத் தெரிவதில்லை. இதற்கு எந்தப் பொத்தானும் கிடையாது. பாடமானதை ஒரு போனில் தாளத்தோடு பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறேன், வகுப்பில் லயத்தைத் திருத்துவதை விட்டுவிட்டேன்.

ஆகவே தோழிக்குச் சொன்னது இது: கீர்த்தனை பாடும் அளவுக்கு வந்த பிள்ளைகளை எடுத்துக்கொள். சரளி வரிசையில் புதிதாக ஆரம்பிக்கும் குழந்தையை எடுக்காதே, லயத்தை வகுப்பில் திருத்த வழியில்லை, அந்த ஊரிலேயே ஒரு டீச்சரைப் பார்க்கச் சொல். நானே இனி புதுக் குழந்தைகளைச் சேர்ப்பதாக இல்லை.