ஜெப நோட்டு: ஒரு வருஷம் எழுதிப் பார்த்ததில்

யாங்கோனில் தையல் வேலை செய்கிறேன். 2025 ஜனவரி முதல் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைக்குக் கிளம்பும் வரை ஒரே நோட்டில் ஜெபக் குறிப்பு எழுதினேன். அதற்கு முன் மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் விட்டவள் நான். ஏன் விட்டேன், இந்த முறை எது மாறியது என்று எழுதுகிறேன்.

முதல் முறை வாங்கியது தேதி அச்சடித்த டைரி. நான்கு நாள் விட்டால் நான்கு வெற்றுப் பக்கம் முறைத்துப் பார்க்கும். பிப்ரவரிக்குள் அதைத் திறக்கவே பயம் வந்துவிட்டது. அடுத்தது போன். இங்கே கரண்ட் வரும் நேரத்துக்கு ஏற்றபடிதான் சார்ஜ் இருக்கும். வழியில் நிறுத்திப் போனைத் திறந்து காட்டச் சொல்லும் காலம் வேறு. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று யோசித்து எழுதினால் அது ஜெபமாக இருக்காது, அறிக்கையாகத்தான் இருக்கும். மூன்றாவது நல்ல நோட்டுதான், ஆனால் ஜெல் பேனாவில் எழுதினேன். மழைக்காலத்து ஈரத்தில் பாதிப் பக்கம் ஊதா நிறக் கறையாகிவிட்டது. இப்போது சாதாரணக் கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு, பால்பாயிண்ட் பேனா, வைக்க ஒரு பிஸ்கட் டின். பூஞ்சணம் பிடிக்கவில்லை.

நோட்டை விரித்தால் இடது பக்கத்தில் மட்டும் எழுதுவேன். வலது பக்கம் காலி. விண்ணப்பம் இடப்பக்கம், தேதியோடு. என்ன நடந்ததோ அது வலப்பக்கம், அதுவும் தேதியோடு. இடப்பக்கத்தில் ஒருமுறை எழுதியதைத் திருத்தக்கூடாது, அடிக்கக்கூடாது, இரண்டு வார்த்தை சேர்க்கவும் கூடாது. நான் போட்டுக்கொண்ட சட்டங்களில் இதுதான் முக்கியம் என்று எனக்கே டிசம்பரில்தான் புரிந்தது. அக்காவின் கால் விஷயத்தைச் சொன்னால் விளங்கும்.

அக்காவுக்குச் சர்க்கரை. ஜனவரி 14-இல் நான் எழுதியது: "அக்காவை ஆசீர்வதியும், சுகம் தாரும்." சபையில் எல்லோரும் கேட்கிற மாதிரிதான். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது வலப்பக்கத்தில் என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. அவள் ஒருநாள் நன்றாக இருந்தாள், ஒருநாள் இல்லை. ஆசீர்வாதம் வந்ததா? வந்தது என்றும் சொல்லலாம், வரவில்லை என்றும் சொல்லலாம். இப்படி எழுதினால் கடவுள் பதிலே சொல்லாவிட்டாலும் நமக்குத் தெரியாது, சொன்னாலும் தெரியாது.

பிப்ரவரி 16-இல் மறுபடி எழுதினேன்: "அக்காவின் இடது கால் இரண்டாவது விரலில் உள்ள புண் ஆறவேண்டும். விரலை எடுக்காமல்." எழுதும்போது கை நடுங்கியது. இவ்வளவு குறிப்பாகக் கேட்டால் 'இல்லை' என்று பதில் வர வழி திறந்துவிடுகிறோமே என்ற பயம். பொதுவாகக் கேட்பது பக்தி போலத் தெரியும், எனக்கு அது தப்பிக்கும் வழியாகத்தான் இருந்திருக்கிறது.

ஏப்ரல் 9-ஆம் தேதி விரலை எடுத்துவிட்டார்கள். எலும்பு வரை கிருமி போய்விட்டது, விட்டால் பாதம் போகும் என்றார் டாக்டர். வலப்பக்கத்தில் எழுதினேன்: "இல்லை. 9.4." வேறு எதுவும் எழுத வரவில்லை.

பாதத்தின் புண் ஆறியது. ஜூலைக்குள் அக்கா சந்தைக்குப் போகத் தொடங்கினாள். நவம்பரில் பெண்கள் ஐக்கியத்தில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். நான் எழுந்து, "அக்காவின் காலைக் காப்பாற்றும்படி ஜெபித்தேன், கர்த்தர் காலைக் காப்பாற்றினார்" என்றேன். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். பொய் சொல்கிறேன் என்ற எண்ணமே இல்லை, மனதார நம்பித்தான் சொன்னேன். டிசம்பரில் நோட்டைப் புரட்டினால் என் கையெழுத்திலேயே இருக்கிறது, "விரலை எடுக்காமல்." காலுக்காக நான் ஜெபிக்கவே இல்லை. கேட்டது விரல். கிடைத்ததற்கு ஏற்றபடி, கேட்டதை மனசு பின்னால் மாற்றி வைத்துக்கொண்டது. கால் தப்பியது பெரிய நன்மைதான், அதற்கு நன்றி தனியாக எழுதினேன். ஆனால் விரலுக்குக் கேட்ட ஜெபத்துக்கு வந்த பதில் 'இல்லை'தான். பேனாவைத் திறந்து இடப்பக்கத்து வரியைத் திருத்தியிருந்தால் இது எனக்கு என்றைக்குமே தெரிந்திருக்காது.

வலப்பக்கத்தில் நான் போடும் குறிகள் நான்கு: கிடைத்தது, இல்லை, வேறு, காத்திருப்பு. முதலாவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 'இல்லை' போட ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். கேட்டது இனி நடக்கவே முடியாது என்று விஷயம் மூடியிருக்கவேண்டும். விரல் போய்விட்டது, மூடிவிட்டது. அண்ணன் மகனுக்கு வேலை கிடைக்கவில்லை என்பது மூடவில்லை, அது காத்திருப்பு. காத்திருப்பை இந்த ஊரில் மறக்க முடியாது. அமெரிக்க மிஷனெரி ஜட்சன் 1813-இல் ரங்கூனில், அதாவது இதே யாங்கோனில், வந்து இறங்கினார். முதல் பர்மியருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1819-இல். ஒரு வருஷ நோட்டில் அவர் எழுதியிருந்தால் எந்த வருஷத்தைப் புரட்டினாலும் காத்திருப்பு என்றுதான் இருந்திருக்கும்.

தொல்லை கொடுப்பது 'வேறு'. பவுல் தன் முள்ளை எடுக்கச் சொல்லி மூன்று முறை வேண்டினார், முள் எடுபடவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற சொல் வந்தது. அது 'வேறு'. ஆனால் எனக்கு எல்லாவற்றையும் அந்த டப்பாவில் போட்டுவிட ஆசை வரும். விரலையும் அங்கேதான் போட்டிருப்பேன். அதனால் நடந்து மூன்று மாதம் ஆகும்வரை 'வேறு' என்று எழுதுவதில்லை. அப்போதும் வந்தது என்ன என்று ஒரே வரியில் சொல்ல முடியவேண்டும். "எனக்குப் பொறுமை வந்தது" மாதிரி வரி எழுதினால் எனக்கே சிரிப்பு வந்துவிடும். பொறுமை வந்ததா இல்லையா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் தெரியும்.

மார்ச் 28 நிலநடுக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. வெள்ளிக்கிழமை மத்தியானம். மெஷினில் பாவாடை ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன், நாற்காலி நகர்ந்தது. யாங்கோனில் எங்களுக்கு ஆட்டத்தோடு போயிற்று. மண்டலேயில் சித்தி மகள் குடும்பம் இருக்கிறது, போன் போகவில்லை. ராத்திரி எழுதினேன்: "அவள் குரலை நான் கேட்கவேண்டும்." ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் கூப்பிட்டாள். எல்லோரும் வெளியே படுத்திருக்கிறோம், உயிரோடு இருக்கிறோம் என்றாள். அவர்கள் தெருவிலேயே இன்னொரு வீடு இடிந்து, உள்ளே இருந்தவர்கள் வெளியே வரவில்லை.

வலப்பக்கத்தில் 'கிடைத்தது. 30.3' என்று எழுதிவிட்டுப் பேனாவை வைக்க முடியவில்லை. அதன் கீழே எழுதினேன்: "அந்த வீட்டுக்காரர்களின் சொந்தங்களும் இதையேதான் கேட்டிருப்பார்கள். எனக்கு ஏன் கொடுத்தீர், அவர்களுக்கு ஏன் இல்லை?" அந்த வரிக்கு இன்றுவரை எதிர்ப்பக்கம் காலி. முந்தின நோட்டுகளில் இப்படி ஒரு வரி கிடையாது. கோபமாக எழுதினால் குற்றம் என்று நினைத்திருந்தேன். சங்கீதப் புத்தகத்தில் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஒருவர் கேட்டது அச்சிலேயே இருக்கிறது. 88-ஆம் சங்கீதம் கடைசி வரி வரை இருட்டிலேயே இருந்து இருட்டிலேயே முடிகிறது. இவை இருக்கும்போது என் ஒரு வரியால் என்ன குடி முழுகிவிடப்போகிறது?

எழுதியது நேர்மையா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை சின்னது. எழுதி முடித்து, இதைப் போதகர் படித்தால் ஒரு வார்த்தையை மாற்றுவேனா என்று பார்ப்பேன். மாற்றமாட்டேன் என்றால் அது பெரும்பாலும் சபைக்காக எழுதியது. ஒரு உதாரணம். "நாத்தனாரோடு சமாதானம் தாரும்" என்று இரண்டு வாரம் எழுதினேன். பிறகு ஒருநாள் உள்ளதை எழுதினேன்: "அவள் மன்னிப்புக் கேட்கவேண்டும். எல்லோர் முன்னாலும். நான் பார்க்கவேண்டும்." அதுதான் என் உண்மையான விண்ணப்பம். அதைப் படித்துப் பார்த்ததும் சமாதானத்தை நான் கேட்கவே இல்லை என்று தெரிந்தது. அவள் கேட்கவில்லை. மே மாதம் நான்தான் போய்ப் பேசினேன், அதுவும் ஏதோ துணி அளவு எடுக்கிற சாக்கில். அவளைப் பற்றி எழுதும்போது பெயர் போடவில்லை, ஒரு எழுத்துதான். பிறரைப் பற்றிய பக்கம் என்றைக்காவது அவர்கள் கையில் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்து எழுதவேண்டும். உள்ளதைக் குறைக்கவேண்டாம், அடையாளத்தை மட்டும் குறைக்கலாம்.

எப்போது திரும்பப் படிப்பது? தினமும் படித்தால் செடியைப் பிடுங்கி வேர் பார்ப்பது போல. நான் மூன்று முறை படித்தேன்: ஏப்ரலில் திஞ்சான் தண்ணீர்த் திருவிழா லீவில், அக்டோபரில் மழை விட்டதும், பிறகு டிசம்பர் கடைசியில். பச்சை மை பேனா ஒன்று வைத்துக்கொண்டு, வலப்பக்கத்தில் மட்டும் எழுதினேன். ஒரு உட்காரலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். இரண்டாம் மணியில் நான் எல்லாவற்றுக்கும் அர்த்தம் கண்டுபிடிக்கத் தொடங்கிவிடுவேன்.

வருஷக் கடைசியில் எண்ணினேன். மொத்தம் 61 விண்ணப்பம். கிடைத்தது 19, இல்லை 8, வேறு 6, காத்திருப்பு 17. மீதி 11-க்குக் குறி இல்லை, ஏனென்றால் கேட்டதையே மறந்துவிட்டேன். ஜனவரியில் கண்ணீரோடு எழுதிய ஒன்று அதில் இருக்கிறது. யாருக்காக என்று பெயரைப் பார்த்த பிறகும் இரண்டு நிமிஷம் யோசிக்கவேண்டியிருந்தது. 'இல்லை' எட்டும் என்னை அவ்வளவு உறுத்தவில்லை, இந்தப் பதினொன்றுதான் உறுத்தியது. இந்த எண்களை வைத்து ஜெபம் பலிக்குமா என்று கணக்குப் போட வராது, அதையும் சொல்லிவிடுகிறேன். கேட்காமலே வந்தவை எத்தனை என்று நான் எழுதவே இல்லையே.

டிசம்பர் 31 மத்தியானம், கரண்ட் இருக்கும்போதே, காத்திருப்பு 17-ஐயும் புது நோட்டுக்கு மாற்ற உட்கார்ந்தேன். பார்த்து எழுதக்கூடாது, இன்றைக்கும் வேண்டுமா என்று கேட்டுவிட்டு, வேண்டுமென்றால் புதிதாக எழுதவேண்டும். 14 மாறின. இரண்டை விட்டுவிட்டேன். ஒன்று, மெஷின் மாற்றப் பணம், பழையதே ஓடுகிறது. இன்னொன்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பதினேழாவது அண்ணன் மகனுடையது. "இங்கேயே வேலை கிடைக்கவேண்டும்" என்று எழுதியிருந்தேன். இப்போது அவன் வெளியே போனால் போதும் என்று இருக்கிறது. எதை எழுதுவது என்று தெரியாமல் தேதி மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.